வீட்டு விசேஷங்களுக்கு ஒரே செக்லிஸ்ட்: புக்கிங் உறுதி, தலைக்கணக்கு எல்லாம் சேர்த்து

"எங்கள் வீட்டில் வருஷத்துக்கு நாலைந்து விசேஷம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பட்டியல் போடுகிறோம், ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. போன தடவை ஹால் உண்மையிலேயே புக் ஆகியிருக்கிறதா என்று கடைசி வாரத்தில் குழப்பம், எத்தனை பேர் என்பதில் அதைவிடக் குழப்பம். திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு டெம்ப்ளேட் எப்படிப் போடுவது?"

எங்கள் குடும்பத்தில் பல வருஷமாக இந்த வேலை என் கையில்தான் இருக்கிறது. அதனால் எது தேவை, எது தேவையில்லை என்று ஓரளவு சொல்ல முடியும். பட்டியலில் என்னென்ன வேலை எழுதுவது என்பது பெரிய விஷயமே இல்லை, ஒரு சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்தால் வந்துவிடும். டெம்ப்ளேட் அடுத்த தடவையும் உதவுமா என்பதை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன: தேதியை எப்படி எழுதுகிறீர்கள், புக்கிங் உறுதி என்று எதைச் சொல்கிறீர்கள், தலைக்கணக்கை யார் எப்போது மூடுகிறார். அந்த மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேதி. பழைய பட்டியலை எடுத்து அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்த முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம், அதில் "மே 10, அழைப்பு அனுப்பணும்" என்று நிஜத் தேதி இருப்பதுதான். விசேஷத் தேதி மாறினால் முப்பது வரியையும் உட்கார்ந்து மாற்ற வேண்டும், யாரும் மாற்ற மாட்டார்கள். அதனால் டெம்ப்ளேட்டில் தேதியே எழுதாதீர்கள், விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்னால் என்பதை மட்டும் எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸ் போன்ற ஏதாவது ஒரு விரிதாளில், மேலே B1 கட்டத்தில் விசேஷத் தேதி. நாலாவது வரியிலிருந்து வேலைகள்: A-யில் வேலை, B-யில் எத்தனை நாள் முன்னால், C-யில் கடைசித் தேதி, D-யில் பொறுப்பாளர், E-யில் டிக் பெட்டி. C4-ல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=$B$1-B4
```

விசேஷம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு B-யில் -1, -2 என்று போடலாம், தேதி தானாக மறுநாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் போய்விடும். C பத்தியின் தேதி வடிவத்தில் கிழமையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "எண்ணிக்கை சொல்லக் கடைசி நாள்" விடுமுறையில் விழுகிறதா என்பது கிழமையைப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

தாமதமான வேலை சிவப்பாகத் தெரிய, நிபந்தனை வடிவமைப்பில் இந்தச் சூத்திரம்:

```
=AND($A4<>"",$E4=FALSE,$C4<TODAY())
```

முதல் பகுதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கீழே இருக்கிற காலி வரிகளும் சிவப்பாகிவிடும், அப்புறம் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பொறுப்பாளர் பத்தியில் ஒரு வரிக்கு ஒரு பெயர்தான். "அண்ணனும் சித்தியும்" என்று எழுதினால், அண்ணன் சித்தி பார்த்துக்கொள்வார் என்று இருப்பார், சித்தி அண்ணனிடம் விட்டாச்சு என்று இருப்பார். சித்திக்கு உதவியாக அண்ணன் தாராளமாகப் போகட்டும், ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

அடுத்து புக்கிங். இங்கேதான் எனக்கே ஒரு தடவை அடி விழுந்தது. ஹாலுக்குப் போன் செய்தோம், "சரி, தேதி காலியாகத்தான் இருக்கு" என்றார்கள், முன்பணம் கட்டினோம், ரசீதும் வந்தது. பட்டியலில் "ஹால்" என்ற வரிக்கு டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஒரு வாரம் இருக்கும்போது, எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள் என்று கேட்கப் போன் செய்தால், அவர்கள் புத்தகத்தில் எங்கள் பெயர் சாயங்காலத்தில் இருக்கிறது. நாங்கள் காலை என்று எல்லாருக்கும் சொல்லியாச்சு. ரசீதை எடுத்துப் பார்த்தால் தொகை இருக்கிறது, பணம் கட்டிய தேதி இருக்கிறது, விசேஷம் எந்த நாள் எந்த நேரம் என்று ஒரு எழுத்தும் இல்லை. யார் மேல் தப்பு என்று பேசிப் பயனில்லை, காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. கடைசியில் எல்லாருக்கும் திரும்பப் போன் செய்து நேரத்தை மாற்றினோம், வெளியூரிலிருந்து வந்த இரண்டு குடும்பத்துக்குத் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து என் தாளில் புக்கிங்குக்கு டிக் பெட்டியே கிடையாது. தனித் தாளில், ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் ஒரு வரி, அதில் நாலு தேதிக் கட்டங்கள்: கேட்ட தேதி, வாயால் சரி என்ற தேதி, எழுத்தில் வந்த தேதி, விசேஷத்துக்கு முன்னால் மறுபடி சரிபார்த்த தேதி. முதல் இரண்டு நிரம்பியிருந்தால் அது வெறும் பேச்சு. மூன்றாவது நிரம்பினால்தான் புக்கிங். முன்பணம் கட்டியதை இந்த நாலில் சேர்க்கவில்லை, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பணம் கொடுத்தால் புக் ஆகிவிட்டது என்ற நினைப்புதான் எங்களை ஏமாற்றியது.

"எழுத்தில்" என்றால் பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். முறையான படிவம் தருகிறவர்கள் தருவார்கள், தராதவர்களுக்கு நாமே ஒரு செய்தி அனுப்பி அதற்குச் "சரி" என்று பதில் வாங்கினால் போதும். ஆனால் அந்தச் செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பது முக்கியம். டெம்ப்ளேட்டிலேயே அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான்:

"வணக்கம். 14 ஜூன் 2026, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி முதல் மதியம் 3 மணி வரை ஹால் எங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. அலங்காரம் செய்ய அன்று காலை 7 மணிக்குத் திறந்துவிடுவதாகச் சொன்னீர்கள். 120 நாற்காலி, 15 மேஜை, ஒலிபெருக்கி வாடகையில் அடக்கம். முன்பணம் கட்டிவிட்டோம், மீதி விசேஷத்தன்று. இதில் எதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள், எல்லாம் சரியென்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்."

தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுவது ஒரு சோதனை. தேதியைத் தப்பாகக் குறித்திருந்தால் கிழமை ஒத்துப்போகாது, எதிரில் இருப்பவருக்கு உடனே உறைக்கும். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதுங்கள், ஏனென்றால் 6/7 என்றால் ஒருவருக்கு ஜூலை, இன்னொருவருக்கு ஜூன். "அடுத்த ஞாயிறு" என்ற சொல்லை இந்தத் தாளிலேயே தடை செய்துவிடுங்கள். அப்புறம் திறக்கும் நேரமும் காலி செய்யும் நேரமும். விசேஷ நேரம் மட்டும் பேசிவிட்டு, அலங்காரக்காரரும் சமையல்காரரும் மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே போக வேண்டும் என்பதைப் பேசாமல் விடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

புக்கிங் தாளில் அந்தந்த ஏற்பாட்டின் வரியிலேயே இன்னும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை பணம் திரும்பும், இறுதி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்னால் கேட்கிறார்கள், அன்றைக்குக் களத்தில் இருக்கப்போகிறவர் யார். புக்கிங் எடுத்தவரும் அன்று கதவைத் திறக்க வருபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். நாலாவது கட்டத்துக்கான சரிபார்ப்பை ஏழு நாள் முன்னால் ஒரு தடவை செய்யுங்கள், முந்தின நாள் ஒரு தடவை செய்யுங்கள். முந்தின நாள் போனை மட்டும் அந்தக் களத்து ஆளுக்கே போடுங்கள். கேட்கும்போது "நாளைக்கு எல்லாம் சரிதானே" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் "சரிதான்" என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை பேருக்குக் குறித்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள், அவர் வாயிலிருந்து எண் வரட்டும்.

இனி தலைக்கணக்கு. இதற்கு மூன்றாவது தாள். ஆளுக்கு ஒரு வரி வேண்டாம், குடும்பத்துக்கு ஒரு வரி. A-யில் குடும்பம், B-யில் அழைத்தவர்கள் எத்தனை பேர், C-யில் பதில் (ஆம், இல்லை, பதில் இல்லை என்று மூன்றே தேர்வு), D-யில் வருகிற பெரியவர்கள், E-யில் வருகிற குழந்தைகள், F-ல் கேட்டவர் யார், G-யில் கேட்ட தேதி, H-ல் கடைசியில் உண்மையில் வந்தவர்கள். டெம்ப்ளேட்டில் C முழுக்கப் "பதில் இல்லை" என்றே நிரப்பி வையுங்கள், பதில் வர வர மாறட்டும். பெரியப்பா வீட்டில் ஐந்து பேரை அழைத்து மூன்று பேர் வருகிறார்கள் என்றால் C-யில் ஆம், D-யிலும் E-யிலும் சேர்த்து மூன்று. "நாங்க எல்லாரும் வரோம்" என்பது பதில் ஆகாது, எண் கேட்டு வாங்குங்கள். அத்தை சொல்கிற "எல்லாரும்" என்பதில் மருமகனின் அப்பா அம்மாவும் இருக்கலாம்.

வருகிறவர்கள் மொத்தம், பதில் வராதவர்கள் மொத்தம் இரண்டுக்கும் சூத்திரம்:

```
=SUM(D4:E100)
=SUMIF(C4:C100,"பதில் இல்லை",B4:B100)
```

இப்போது பின்னாலிருந்து தேதி போடுங்கள். முன்னால் இருந்து போட்டால் எப்போதும் கடைசியில் நெருக்கடிதான். சமையல்காரர் இறுதி எண்ணிக்கையை 5 நாள் முன்னால் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எண்ணிக்கையை மூடுவது 7 நாள் முன்னால். பதில்களை வாங்குவது 10 நாள் முன்னால் முடிய வேண்டும். பதில் போடாதவர்களுக்குப் போன் போடுகிற சுற்று 14 நாள் முன்னால். அழைப்பு போவது 35 நாள் முன்னால். ஜூன் 14 விசேஷம் என்றால் மே 10 அழைப்பு, மே 31 போன் சுற்று, ஜூன் 4 பதில் முடிவு, ஜூன் 7 எண்ணிக்கை மூடல், ஜூன் 9 சமையல்காரரின் கெடு. உறவினர்களுக்குச் சொல்ல வேண்டிய தேதி ஜூன் 4, சமையல்காரரின் கெடுவை அவர்களிடம் சொல்லவே வேண்டாம். வேறொரு சமையல்காரர் 8 நாள் முன்னால் கேட்டால், இந்தச் சங்கிலி முழுவதும் மூன்று நாள் முன்னால் நகர வேண்டும். அதனால்தான் புக்கிங் வரியில் அந்தக் கெடுவை எழுதச் சொன்னேன்.

ஜூன் 7 அன்று தாள் என்ன சொல்கிறது? அழைத்தது 140 பேர். வருகிறோம் என்றவர்கள் 96. வரவில்லை என்றவர்கள் 22. எத்தனை போன் போட்டும் பதில் இல்லாதவர்கள் 22. இப்போது சமையல்காரரிடம் எந்த எண்ணைச் சொல்வது? 96 என்றால் குறைந்துவிடுமோ என்று பயம், 118 என்றால் வீணாகும். இங்கே பெரும்பாலான வீடுகளில் மனசுக்குத் தோன்றிய எண்ணைச் சொல்வார்கள். தோன்றுவது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் பற்றாமல் போவதுதான் எல்லாருக்கும் பயம்.

H பத்தி இருக்கிற வீட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. போன வருஷத் தாளைத் திறந்து பாருங்கள். வருகிறோம் என்றவர்கள் 90 பேரில் வந்தது 84. பதில் சொல்லாத 30 பேரில் வந்தது 14. அதே விகிதத்தை இந்த வருஷத்துக்குப் போட்டால், 96-க்கு 90 பேர் வருவார்கள், பதில் சொல்லாத 22-க்கு 10 பேர். மொத்தம் 100. அப்புறம் எல்லாரும் மறந்துபோகிற கணக்கு ஒன்று: படம் எடுக்கிறவர்கள் இரண்டு பேர், ஒலிபெருக்கிக்காரர் ஒருவர், ஓட்டுநர்கள் இரண்டு பேர். அவர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு 105, நாற்காலிக்கு 100. ஒரே விசேஷத்தில் இரண்டு எண், இரண்டும் சரிதான், யாருக்கு எது என்று எழுதி வைத்தால் போதும். சிறு குழந்தைகளைச் சமையல்காரர் எப்படிக் கணக்கெடுக்கிறார் என்பதை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள், D-யையும் E-யையும் பிரித்து வைத்ததற்கு அதுதான் காரணம்.

முதல் வருஷம் பழைய விகிதம் இருக்காது. அப்போது வருகிறோம் என்றவர்களை முழுதாகவும், பதில் சொல்லாதவர்களில் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் மிஞ்சினாலும் பற்றாமல் போகாது. ஒரு எச்சரிக்கை: பிறந்தநாளின் விகிதத்தை நினைவு நாளுக்குப் போடாதீர்கள். பிறந்தநாளுக்குச் சொல்லிவிட்டு வராதவர்கள் நினைவு நாளுக்குச் சொல்லாமலே வருவார்கள். விசேஷ வகைக்குத் தனித்தனி விகிதம்தான் பயன்படும்.

எண்ணிக்கையை மூடுவது என்பது ஒருவர் "சரி, இதுதான் எண்" என்று சொல்லிப் பெயர் போடுவது. அந்த ஒருவர் செலவுக்குப் பொறுப்பானவராக இருக்க வேண்டும். கணக்கெடுத்தவரே மூடக்கூடாது, தன் கணக்கில் இருக்கிற ஓட்டை தன் கண்ணுக்குத் தெரியாது. தாளின் மேலே ஒரு கட்டம் வையுங்கள்: மூடிய எண், தேதி, நேரம், சரி சொன்னவர், யார் யாருக்குச் சொன்னோம், அவர்கள் பதில் என்ன.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பத் தப்பு எல்லாருக்கும் நடக்கும். மூடிய எண் கட்டத்திலும் சூத்திரத்தையே விட்டுவிடுவார்கள். ஜூன் 8 அன்று மாமா வீட்டிலிருந்து "நாங்களும் ஆறு பேர் வரோம்" என்று சொல்ல, யாரோ தாளில் மாற்ற, மேலே எண் தானாக 111 ஆகிவிடும். தாளைப் பார்க்கிறவர்கள் 111 சொல்லியாச்சு என்று நினைப்பார்கள், சமையல்காரரிடம் இருப்பது 105. அதனால் மூடும்போது எண்ணை நகலெடுத்து, Ctrl+Shift+V கொடுத்து வெறும் மதிப்பாக ஒட்டுங்கள், அந்தக் கட்டத்தைப் பூட்டியும் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற எண் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்தால், ஏதோ மாறியிருக்கிறது, இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

மூடிய பிறகு மாற்றமே வராது என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வரும். அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்கள்: கூடுதல் 6, மாமா வீடு, ஜூன் 8, சமையல்காரருக்குச் சொன்னது இன்னார், அவர் ஒப்புக்கொண்டார். பழைய எண்ணை அழிக்காதீர்கள். பொதுவாகக் கெடுவுக்குப் பிறகு எண்ணைக் கொஞ்சம் கூட்ட ஒப்புக்கொள்வார்கள், குறைத்தாலும் பணம் குறையாது. அதனால் சந்தேகமாக இருக்கிற இரண்டு மூன்று பேரை வெளியே வைத்து மூடிவிட்டு, தேவைப்பட்டால் கூட்டுவதுதான் நல்லது. ஆனால் எத்தனை வரை கூட்டலாம் என்பதை புக்கிங் செய்தியிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இந்த மூன்று தாளும் சேர்ந்த ஒரே கோப்புதான் மூலம். பிறந்தநாளுக்கு ஒன்று, மணநாளுக்கு ஒன்று என்று ஐந்து மூலம் வைக்காதீர்கள், ஒன்றில் திருத்தினது மற்ற நாலில் வராது. வேலைகள் தாளில் "எந்த விசேஷத்துக்கு" என்று ஒரு பத்தி சேர்த்து வடிகட்டிக்கொண்டால் போதும். மூலத்தில் யாரும் நேரடியாக எழுதிவிடாமல் இருக்க, பகிரும் இணைப்பின் கடைசியில் /edit என்று இருப்பதிலிருந்து முடிவு வரை எடுத்துவிட்டு /copy என்று போட்டு அனுப்புங்கள். திறந்தவுடனே நகல் எடுக்கவா என்றுதான் கேட்கும். நகலில் திருத்தும் உரிமை மூன்று பேருக்கு மேல் வேண்டாம், தலைக்கணக்குத் தாளை உறவினர் குழுவில் போடவும் வேண்டாம். யார் வரவில்லை என்று சொன்னார்கள் என்பது எல்லாரும் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை.

கணினி பழக்கம் இல்லாதவர்கள் நோட்டிலும் இதையே செய்யலாம். "எத்தனை நாள் முன்னால்" பத்தியைப் பேனாவிலும், தேதியைப் பென்சிலிலும் எழுதினால் அடுத்த வருஷமும் அதே பக்கம் உதவும்.

வேலைகள் தாளின் கடைசி இரண்டு வரிகளுக்கு -1, -2 என்று நாள் போட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் உட்கார்ந்து H பத்தியை நிரப்ப வேண்டும், ஒருவரால் முடியாது, ஒருவர் பார்க்காத குடும்பத்தை இன்னொருவர் பார்த்திருப்பார். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் யார் வந்தார்கள் என்பது மறந்துபோகும், அடுத்த வருஷ விகிதமும் போச்சு. அதற்கடுத்த நாள், விட்டுப்போன வேலைகளையும், இரண்டு விசேஷமாக யாரும் தொடாத வரிகளையும் பார்த்து மூலத்தில் சேர்ப்பதோ நீக்குவதோ. என் மூலத்தில் ஒரு காலத்தில் எழுபது வரி இருந்தது, யாருமே முழுசாகப் படிக்கவில்லை. இப்போது முப்பத்தெட்டு.